கேப்பை மறைக்கச் சொல்பவர்களுக்கு

குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு, சில வருடம் கழித்து மறுபடி வேலை தேடும் பெண்ணுக்குக் கேட்காமலே வந்து சேரும் அறிவுரை ஒன்று உண்டு: “கேப் இருக்குன்னு காட்டிக்காதே.” சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அண்ணி சொல்வார், பழைய டீம் லீட் சொல்வார், ரெஸ்யூமே எழுதித் தருபவர் காசு வாங்கிக்கொண்டு சொல்வார். வழிகளும் அவர்கள் கையிலேயே இருக்கும். மாதத்தை எடுத்துவிட்டு வருடத்தை மட்டும் போடு. தெரிந்தவர் கம்பெனி பெயரில் அந்த வருடங்களை நிரப்பு. இரண்டும் முடியாவிட்டால் ஆட்குறைப்பில் வேலை போனது என்று சொல், குழந்தை என்று மட்டும் வாய் திறக்காதே.

இந்த வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வோம். குழந்தைக்காக வேலையை விட்டவள் என்று தெரிந்ததும் பல மேலாளர்கள் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது: இவள் நேரத்துக்குக் கிளம்பிவிடுவாள், அடிக்கடி லீவு கேட்பாள், அடுத்த குழந்தைக்கு மறுபடி போய்விடுவாள். இது வெறும் பிரமை இல்லை. சமூகவியலாளர் கேத்தரின் வைஸ்ஹார் அமெரிக்காவில் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் இருக்கும் தாய்மார்களுக்கு 100 விண்ணப்பத்துக்குச் சுமார் 15 அழைப்பு வந்தது. வேலை இழந்த தாய்மார்களுக்குச் சுமார் 10. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தேன் என்றவர்களுக்கு ஏறத்தாழ 5. மூன்றில் ஒரு பங்கு! உண்மையைச் சொன்னால் இதுதான் கதி என்றால் எதற்குச் சொல்வது என்பது நியாயமான கேள்விதான்.

நியாயமான கேள்விக்குத் தவறான பதில் தரப்படுகிறது என்பதே என் வாதம். சென்னை ஐ.டி. துறையின் ஆளெடுப்பை வைத்தே பேசுகிறேன். இந்த அறிவுரை அதிகம் புழங்குவதும், அதிகம் சேதம் செய்வதும் அங்கேதான்.

1. அழைப்பு வருவதும் வேலை கிடைப்பதும் ஒன்றா?

வைஸ்ஹார் அளந்தது முதல் கதவை மட்டும். அந்த விண்ணப்பங்களுக்குப் பின்னால் நிஜ மனுஷி யாரும் கிடையாது. இன்டர்வியூவில் உட்கார வேண்டியதில்லை, பே ஸ்லிப் காட்ட வேண்டியதில்லை, வேலையில் சேர வேண்டியதும் இல்லை. கற்பனை ஆளிடம் யாரும் பி.எஃப். எண் கேட்பதில்லை. பொய் சொன்னால் அழைப்பு கூடும் என்பதை அந்த எண்களிலிருந்து ஊகிக்கலாம். பொய் சொன்னவள் வேலையில் நிலைத்தாள் என்பதற்கு அதில் ஒரு வரிகூட ஆதாரம் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த 15 பேர் வேலையில் இருந்தவர்கள். இடைவெளி விட்ட பெண்ணுக்கு அந்த இடம் இனி இல்லை. அவள் முன்னால் இருப்பது இரண்டே வழி: இடைவெளிக்குக் காரணம் சொல்வது, சொல்லாமல் விடுவது. இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவர்கள் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஜோனி ஹெர்ஷும் ஜெனிஃபர் ஷைனாலும். ஒரே மாதிரி இடைவெளி உள்ள பெண்களில், சொந்தக் காரணத்தைச் சொன்னவரையே மதிப்பிட்டவர்கள் கூடுதலாக விரும்பினார்கள். அதுவும் நிஜ ஆளெடுப்பு அல்ல, சோதனைதான்; ஒன்று இன்னொன்றை ரத்து செய்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் இல்லாத வெற்றிடத்தைப் பார்க்கிற ஹெச்.ஆர். அதைத் தானாக நிரப்பிக்கொள்வார் என்பது ஆளெடுப்பு மேசையில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். பர்ஃபார்மன்ஸ் சரியில்லாமல் அனுப்பியிருப்பார்களோ, வேறு எங்காவது சேர்ந்து ஓடிவந்திருப்பாரோ என்றுதான் எண்ணம் போகும். குழந்தை என்ற காரணம் அந்த ஊகங்களைவிட மோசமானதா?

2. எதை மறைக்கிறோம், யாரிடம் மறைக்கிறோம்?

மறைக்கச் சொல்பவர்கள் ரெஸ்யூமேயை வாசிக்கும் ஆளை மட்டும் நினைக்கிறார்கள். ஆஃபர் வந்த பிறகு அதைச் சரிபார்க்கும் ஆளை நினைப்பதில்லை. ஒரு உதாரணத்தை முழுக்கப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பெண் 2014 ஜூலையில் டெஸ்டிங் வேலையில் சேர்கிறார். 2020 நவம்பர் 1-ஆம் தேதி பிரசவ விடுப்பு. 2017 சட்டத் திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, அதாவது 182 நாள். அது 2021 மே 1-ஆம் தேதி முடிகிறது. திரும்பிப் போய் ராஜினாமா கொடுத்து, இரண்டு மாத நோட்டீஸை முடித்து, ஜூன் 30-ஆம் தேதி ரிலீவிங் லெட்டர் வாங்குகிறார். 2025 ஜனவரியில் வேலை தேடத் தொடங்குகிறார்.

அவருடைய இடைவெளி எவ்வளவு? பெரும்பாலான பெண்கள் குழந்தை பிறந்த நாளிலிருந்து எண்ணி “நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு” என்பார்கள். தவறு. பிரசவ விடுப்பில் இருந்தவர் வேலையில் இருந்தவர்தான். சம்பளம் வந்தது, பி.எஃப். போனது. இடைவெளி தொடங்குவது 2021 ஜூலையில். மூன்றரை வருடம். அனுபவம் முழுதாக ஏழு வருடம். மறைப்பதைப் பற்றி இத்தனை பேர் பேசுகிறார்கள், இருப்பதைச் சரியாக எண்ணச் சொல்லித் தருபவர் ஒருவர்கூட இல்லை.

இப்போது அறிவுரைப்படி நடக்கிறார். ஒன்றுவிட்ட தங்கையின் கணவர் நடத்தும் சின்ன கம்பெனியில் 2021 ஆகஸ்ட் முதல் இன்றுவரை வேலை பார்ப்பதாக எழுதுகிறார். ஒரு ஆஃபர் லெட்டரும் சில பே ஸ்லிப்பும் அச்சடித்தாயிற்று. இன்டர்வியூவும் எப்படியோ தாண்டிவிட்டது. சேரும் நாளில் யு.ஏ.என். கேட்கிறார்கள். அந்த ஒரு எண்ணின் கீழ் எந்த கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார் என்று எல்லாமே வரிசையாக இருக்கிறது. 2021 ஜூனுக்குப் பிறகு அங்கே ஒன்றுமில்லை.

“சின்ன கம்பெனிங்க, பி.எஃப். கிடையாது” என்பது இதற்குத் தயாராக வைத்திருக்கும் பதில். 20 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்குப் பி.எஃப். கட்டாயமில்லை என்பது உண்மையே. வெரிஃபிகேஷன் செய்பவர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார். படிவம் 16 கேட்பார். வருமான வரித் தளத்தின் 26ஏஎஸ் கேட்பார். ஜி.எஸ்.டி. பதிவைத் தேடுவார், முகவரிக்கு ஆள் அனுப்புவார். கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டால் எடுப்பது தங்கையின் கணவர். பொய் அனுபவச் சான்று தரும் கம்பெனிகளின் பட்டியலைப் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் தனியாக வைத்திருக்கின்றன என்பதும் பலருக்குத் தெரியாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரும் ரிப்போர்ட்டில் இது சிவப்பு.

பலரும் இந்தக் கட்டத்தோடு கதையை முடித்து “மாட்டிக்கொண்டால் வேலை போகும்” என்பார்கள். அதற்கு அடுத்துதான் உண்மையான கெடுதல் இருக்கிறது. ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அதற்குள் புது கம்பெனி பி.எஃப். கட்டத் தொடங்கியிருக்கும். தவறான தகவல் தந்ததற்காக வெளியே அனுப்பும்போது, அந்த இரண்டு மாத வேலை யு.ஏ.என்.-இல் பதிவாகி நிற்கும், ரிலீவிங் லெட்டர் இல்லாமல். பொய் சொல்வதற்கு முன் அவர் விளக்க வேண்டியது ஒரே ஒரு இடைவெளி. அதற்குக் காரணமும் எவரும் புரிந்துகொள்ளக்கூடியது. இனி அந்த இடைவெளியோடு, ஏன் இரண்டே மாதத்தில் வெளியே வந்தார் என்பதையும் ஒவ்வொரு இன்டர்வியூவிலும் விளக்க வேண்டும். அதற்குச் சொல்லும்படியான காரணம் எதுவுமில்லை.

ஆட்குறைப்பு என்று சொல்லும் வழியும் இங்கேதான் முட்டிக்கொள்கிறது. ரிலீவிங் லெட்டரில் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாகவே எழுதியிருக்கும். பழைய கம்பெனியின் ஹெச்.ஆரும் கேட்டால் அதையே சொல்வார்.

நேர்மையாக எழுதுபவரும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இதில் உண்டு. பி.எஃப். உறுப்பினர் தளத்தில் `View` என்பதன் கீழ் `Service History` திறந்து பாருங்கள். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதிவே செய்யாமல் விட்டிருக்கலாம். அப்படியானால் நீங்கள் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதுபோல் தெரியும். கடைசிப் பி.எஃப். தொகை கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால் `Manage` பகுதியில் `Mark Exit` வழியாக நீங்களே பதியலாம். தவறான தேதி இருந்தால் பழைய கம்பெனி மூலம் திருத்த வேண்டியிருக்கலாம், அதற்கு வாரங்கள் பிடிக்கலாம். இன்டர்வியூவுக்கு முன்பே இதை முடித்து வையுங்கள். உண்மை சொன்னவர் பொய்க்காரர்போலத் தெரிவது இந்தத் தேதிக் குளறுபடியால்தான்.

3. மறைப்பவர் கையிலிருக்கும் நல்ல சீட்டை ஏன் எறிய வேண்டும்?

சென்னையில் ரெக்ரூட்டர் போன் செய்ததும் கேட்பவை ஏறக்குறைய மாறாது: மொத்த அனுபவம், வாங்கும் சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட். 60 நாள், 90 நாள் நோட்டீஸ் சர்வசாதாரணமாகிவிட்ட சந்தை இது. ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டே அந்த 90 நாளில் வேறு இடம் பார்த்துப் போகிறவர்களால் புராஜெக்ட் மேலாளர்கள் நொந்துபோயிருக்கிறார்கள். “திங்கட்கிழமையே சேரலாம்” என்று சொல்லக்கூடியவர்களில் இடைவெளி முடிந்து வரும் பெண்ணும் ஒருவர். இப்போது வேலையில் இருப்பதாகப் பொய் சொன்னால் இல்லாத நோட்டீஸ் பீரியட் ஒன்றையும் கற்பனை செய்ய வேண்டும். இருந்த ஒரு சாதகமும் போயிற்று.

இடைவெளி விட்டவர்களுக்கென்றே நடத்தும் திட்டங்களுக்கும் இதே கதைதான். டாடா குழுமம் 2008-லேயே இப்படி ஒன்றைத் தொடங்கியது; பின்னர் பல ஐ.டி. நிறுவனங்கள் தத்தம் பெயரில் வைத்தன. குறிப்பிட்ட அளவு இடைவெளி இருப்பதே இவற்றுக்குத் தகுதி. சிலவற்றில் சம்பளம் குறைவு, சிலவற்றில் ஆறு மாத ஒப்பந்தம்தான். எல்லாமே நல்லவை என்று நான் சான்று தரவில்லை. ஆனால் கேப்பை மூடியவருக்கு அந்த வாசல் கிடையாது.

4. பொய் சொன்ன வருடங்களுக்கும் சேர்த்துத்தான் கேள்வி வரும்.

நம் உதாரணப் பெண் விட்டுப்போனது 2021 ஜூனில். செலீனியம் 4 வெளிவந்தது அதே வருடம் அக்டோபரில். இன்றுவரை வேலையில் இருப்பதாகச் சொன்னவரிடம் பத்தரை வருட அனுபவத்துக்கான கேள்விகள் வரும். போன ஸ்பிரின்ட்டில் என்ன செய்தீர்கள் என்பார்கள், செலீனியம் 3-லிருந்து 4-க்கு மாறும்போது என்ன உடைந்தது என்பார்கள். புத்தகத்தில் படித்ததை வைத்து இரண்டு கேள்வி தாக்குப்பிடிக்கலாம், மூன்றாவதில் தெரிந்துவிடும். தெரிந்ததும் எதிரே இருப்பவர் அந்த மூன்றரை வருடத்தை மட்டும் சந்தேகிப்பதில்லை. நிஜமாக உழைத்த ஏழு வருடமும் சேர்ந்து சந்தேகத்துக்குள் போகிறது.

உள்ளதைச் சொன்னவர் என்றால் “நான் வேலை பார்த்தது 3-இல். 4 வந்தபோது நான் வேலையில் இல்லை. போன மூன்று மாதத்தில் பழைய மாதிரி ஸ்கிரிப்ட் ஒன்றை 4-க்கு மாற்றி எழுதிப் பார்த்தேன், `DesiredCapabilities` போய் `Options` வந்ததுதான் முதலில் இடித்தது” என்று சொல்ல முடியும். டெக்னிகல் ஆள் கேட்க விரும்புவது இதைத்தான். ஆனால் ஒரு நிபந்தனை: நிஜமாகவே மாற்றி எழுதிப் பார்த்திருக்க வேண்டும். நேர்மை ஒரு தகுதியாகாது. மூன்றரை வருடம் தொடாத வேலையைத் தொடாமலே வந்து “நான் உண்மையைச் சொன்னேனே” என்பவருக்கு வேலை கிடைக்காவிட்டால் அதில் அநியாயம் ஏதுமில்லை.

5. இதற்கு எதிர்முனையில் இன்னொரு பொய் வளர்ந்திருக்கிறது.

“மறைக்காதே, பெருமையாகக் காட்டு” என்று கிளம்பியவர்கள் அந்த வருடங்களுக்கு வீட்டின் தலைமை நிர்வாகி என்று பதவி போடச் சொல்கிறார்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டியது ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட், மாமியார் வீட்டுக்குப் போய்வந்தது கான்ஃப்ளிக்ட் ரெசல்யூஷன். படிக்கிற மேலாளர் சிரிப்பார், அவ்வளவுதான். குழந்தை வளர்ப்பு கடினமான வேலை; அதை ஐ.டி. வேலையின் வேஷம் கட்டி நிறுத்தினால்தான் மதிப்பு என்று நினைப்பது, மறைக்கச் சொல்பவர்களின் அதே வெட்கம்தான், உடுப்பு மட்டும் வேறு.

சரி, எழுதுவது எப்படி? ரெஸ்யூமே ஆங்கிலத்தில் இருந்தாலும் பொருள் இவ்வளவுதான்: “2021 ஜூலை – 2025 ஜனவரி: குழந்தை பராமரிப்புக்கான பணி இடைவெளி. 2024 அக்டோபர் முதல் செலீனியம் 4 பயிற்சி; மாதிரி புராஜெக்ட் இணைப்பு கீழே.” வேலைகள் வரிசையில், அதன் காலத்துக்குரிய இடத்தில், மற்ற எழுத்தின் அளவிலேயே. லிங்க்ட்இன் 2022 முதல் இதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறது. வேலைத் தளங்களில் மொத்த அனுபவம் கேட்குமிடத்தில் ஏழு வருடம், பத்தரை அல்ல.

மாதத்தை எடுத்துவிடச் சொல்லும் மறைப்புக் கட்சியின் யோசனையில் மட்டும் பாதி உண்மை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் 9,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பி நடத்தி 2023-இல் வெளியான ஆய்வொன்றில், தேதிகளுக்குப் பதிலாக அந்த வேலையில் எத்தனை வருடம் இருந்தார் என்று எழுதிய ரெஸ்யூமேக்களுக்குச் சுமார் 8 விழுக்காடு கூடுதல் அழைப்பு வந்தது. காரணம் எளிது: முதலில் கண்ணில் படுவது அனுபவம். அதனால் பக்கத்தின் உச்சியில் “டெஸ்டிங்கில் 7 வருடம், அதில் 4 வருடம் ஆட்டோமேஷன்” என்று தடித்த எழுத்தில் போடுங்கள். இது மறைப்பு ஆகாது, எதை முன்னால் வைப்பது என்ற தேர்வு. தேதிகள் கீழே இருக்கட்டும். இங்கே விண்ணப்பப் படிவமே சேர்ந்த மாதம், விலகிய மாதம் கேட்கும். எடுத்துவிட்டாலும் அடுத்த கட்டத்தில் எழுதத்தான் வேண்டும்.

இன்டர்வியூவில் நான்கு வாக்கியம் போதும். “குழந்தைக்காக 2021-இல் வேலையை விட்டேன் சார். மூன்றரை வருடம் முழுநேரமும் அவளோடு இருந்தேன். இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள், பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. அக்டோபரிலிருந்து மறுபடி ஆட்டோமேஷன் செய்துகொண்டிருக்கிறேன், அதைக் காட்டட்டுமா?” அங்கே நிறுத்திவிட வேண்டும். பிரசவச் சிக்கல், மனச்சோர்வு, மாமியார் ஒத்துழைக்காதது எதுவும் அந்த அறைக்குரியதில்லை. கேட்ட இடைவெளிக்கு உண்மையான காரணம் சொல்வதுதான் நேர்மை. வாழ்க்கையைத் திறந்து வைப்பதற்குப் பெயர் அது இல்லை. மறைக்கச் சொல்பவர்கள் பயப்படுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவதற்குத்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு முதலாவதையும் சேர்த்துத் தடுக்கிறார்கள்.

“அடுத்த குழந்தை பற்றி என்ன ப்ளான்?” என்ற கேள்வியும் வரும், இன்றும் வருகிறது. பெண் என்பதற்காக ஆளெடுப்பில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976 சம ஊதியச் சட்டத்திலேயே வந்துவிட்டது. இருந்தும் கேள்வியைக் கேட்டுவிட்டு வேறு காரணம் சொல்லி அனுப்பினால் நிரூபிப்பது கடினம். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டாம். அது யாருக்கும் கொடுக்க வேண்டிய வாக்குறுதி அல்ல, கொடுத்தாலும் செல்லாது. “ஷிஃப்ட் நேரம், வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ், ரிலீஸ் சமயத்தில் எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள் சார், என்னால் முடியுமா முடியாதா என்று இப்போதே சொல்கிறேன்” என்று கேள்வியை வேலையின் பக்கம் திருப்புங்கள். பதிலுக்கு அவர் நேரத்தைச் சொன்னால் பேச்சு நடக்கும். மறுபடியும் குழந்தையிலேயே நின்றால், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குச் சட்டப்படி இருக்க வேண்டிய குழந்தைகள் காப்பகம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம்.